கொக்கி நிற்க எவ்வளவு இடம் வேண்டும்? ஓவர்ஹெட் கிரேன் கட்டுப்பாட்டில் வேகத்தின் பங்கு

ஓவர்ஹெட் கிரேன் வாங்குவதற்கான விவரப்பட்டியலில் பாதுகாப்பு என்ற தலைப்பின் கீழ் பெரும்பாலும் மூன்று வரிகள் இருக்கும். மிகைச்சுமை வந்தால் தூக்குவதை நிறுத்தும் கருவி வேண்டும். மேலும் கீழும் பக்கவாட்டிலும் லிமிட் சுவிட்சுகள் வேண்டும். எல்லையை நெருங்கும்போது மெதுவேகம் வேண்டும். மூன்றும் தனித்தனிப் பொருள்களைப் போல எழுதப்படும். தனித்தனியாகவே விலை பேசப்படும். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் கைவைப்பது மூன்றாவது வரியில்தான். நிறுத்துவதற்குச் சுவிட்ச் இருக்கும்போது வேகத்தைக் குறைக்க இன்னொன்று எதற்கு என்று கேட்பார்கள்.

இந்தக் கேள்விக்குக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். அதற்கு ஒரு கிரேனை எடுத்துக்கொள்வோம். வார்ப்பாலைகளிலும் இயந்திரத் தொழிற்சாலைகளிலும் பரவலாகக் காணப்படும் 10 டன் கிரேன் அது. இரட்டை கர்டர், 20 மீட்டர் அகலம், நான்கு இழைகளில் தொங்கும் கொக்கி, 8 மீட்டர் தூக்கு உயரம். தூக்கும் வேகம் நிமிடத்துக்கு 6 மீட்டர். மெதுவேகம் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.6 மீட்டர். மோட்டாரை வேகம் மாற்றும் டிரைவ் இயக்குகிறது.

முதலில் மேல் எல்லை. தூக்கும் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தால் கொக்கியின் கப்பித் தொகுதி, கர்டரின் மேல் ஓடும் டிராலியின் அடிப்பகுதியில் போய் மோதும். மோதிய பிறகும் வடத்தைச் சுருட்டும் டிரம் சுற்றும். ஒன்றோடொன்று முட்டி நிற்கும் இரண்டு கப்பித் தொகுதிகளுக்கு இடையே வடம் நீளவும் முடியாது, நகரவும் முடியாது. வடம் அறுந்து, கொக்கியும் அதில் தொங்கும் சுமையும் விழும் விபத்துகளில் பல இப்படி நேர்ந்தவை. வெறும் கொக்கியோடும் இது நடக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். மோதலின்போது கொக்கியில் சுமையே இல்லாவிட்டாலும் மோட்டாரின் முழு இழுவையும் வடத்தின் மேல் விழுகிறது.

மோதலைத் தடுக்க வைத்த சுவிட்ச் திறந்த கணத்திலேயே கொக்கி நின்றுவிடுவதில்லை. சுவிட்ச் திறக்க வேண்டும், ரிலேயும் கான்டாக்டரும் விடுபட வேண்டும், பிரேக்கின் காந்தச் சுருள் வலுவிழக்க வேண்டும், ஸ்பிரிங் தள்ளிப் பிரேக் பட்டை பிரேக் டிரம்மைப் பிடிக்க வேண்டும். நல்ல நிலையில் உள்ள பிரேக்கில் இவ்வளவுக்கும் 0.3 விநாடி என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 6 மீட்டர் என்பது விநாடிக்கு 100 மில்லிமீட்டர். ஆக, பிரேக் பிடிக்கத் தொடங்குவதற்குள்ளேயே கொக்கி 30 மில்லிமீட்டர் ஏறிவிடும். பிடித்த பின் நிற்க இன்னும் 10 மில்லிமீட்டர். மொத்தம் 40. இது தாங்கக்கூடியதுதான்.

இதே தூக்கும் பொறி, அதாவது ஹாய்ஸ்ட், நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடினால் கணக்கு மாறிவிடும். பிரேக் பிடிப்பதற்குள் 100 மில்லிமீட்டர் போய்விடும். பிடித்த பிறகு ஓடும் தூரம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது பத்து மடங்குக்கும் மேலாகி ஏறக்குறைய 110 மில்லிமீட்டர் ஆகிறது. மொத்தம் 210. கடைசி சுவிட்சுக்கும் மோதும் இடத்துக்கும் நடுவே 250 மில்லிமீட்டர் விட்டிருந்தால் மிச்சம் 40 மில்லிமீட்டர்தான். பிரேக் பட்டை தேய்ந்து இடைவெளி அகன்று, பிடிக்கும் நேரம் 0.3 விநாடியிலிருந்து 0.6 ஆனால் அந்த மிச்சமும் போய்க் கொக்கி மோதிவிடும். சுவிட்ச் சரியாக வேலை செய்தது, வயரிங் சரி, பிரேக்கும் பிடித்தது. ஆனாலும் மோதல் நடந்தது. இப்படிப்பட்ட விபத்தில் பழுதான உறுப்பு எது என்று தேடினால் எதுவும் கிடைக்காது. கொக்கி அந்த வேகத்தில் அந்தச் சுவிட்சைத் தொட்டதே பழுது.

அதனால்தான் நிறுத்தும் சுவிட்சுக்கு முன்னால் மெதுவேகப் பகுதி வருகிறது. வேகம் பத்தில் ஒரு பங்கானால், 20 மீட்டர் வேக ஹாய்ஸ்ட்டிலும் நிற்கும் தூரம் ஏறக்குறைய 11 மில்லிமீட்டர்தான். பிரேக் பாதி தேய்ந்திருந்தாலும் 250 மில்லிமீட்டர் இடைவெளி தாராளமாகப் போதும். நிறுத்தும் சுவிட்ச் எந்த நிலையிலும் நிறுத்தும் என்ற உறுதியை அதற்குக் கொடுப்பது இந்தப் பகுதியே.

நமது கிரேனில் மேலிருந்து கீழாக அமைப்பு இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். மோதும் இடத்துக்கு 250 மில்லிமீட்டர் கீழே கடைசி சுவிட்ச். 450 மில்லிமீட்டர் கீழே வழக்கமான நிறுத்தம். ஒரு மீட்டர் கீழே மெதுவேகப் பகுதியின் தொடக்கம். வழக்கமான நிறுத்தத்துக்கும் மெதுவேகத்துக்கும் டிரம் அச்சோடு பல்சக்கரத்தால் இணைத்த ரோட்டரி லிமிட் சுவிட்ச் இருக்கும். டிரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதை அதன் கேம் தட்டுகள் கணக்கில் வைத்துக்கொண்டு, உரிய சுற்றில் உரிய தொடர்பைத் திறக்கும். கீழ் எல்லைக்கான மெதுவேகமும் நிறுத்தமும் அதே பெட்டிக்குள்தான். கொக்கி மிகக் கீழே இருக்கும்போதும் டிரம்மில் குறைந்தது இரண்டு சுற்று வடம் மிச்சம் இருக்கும்படி கீழ் நிறுத்தத்தை அமைப்பார்கள். அதற்கும் கீழே போகவிட்டால் வடத்தின் முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் மட்டுமே சுமையைத் தாங்க நேரும். முழுதும் பிரிந்த பின்னும் டிரம் சுற்றினால் வடம் மறுபக்கமாகச் சுற்றிக்கொள்ளும். அப்போது இறக்கும் பொத்தானே கொக்கியை மேலே ஏற்றும்.

கடைசி சுவிட்ச் வேறு வகை. அதைப் பட்டறையில் கிராவிட்டி லிமிட் என்பார்கள். சிறிய எடை ஒன்று சங்கிலியில் தொங்கிச் சுவிட்சின் கையைக் கீழே இழுத்துப் பிடித்திருக்கும். கப்பித் தொகுதி மேலே வந்து அந்த எடையைத் தூக்கியதும் ஸ்பிரிங் கையை மேலே தள்ளி மின்தொடர்பைத் துண்டிக்கும். இது டிரம்மின் சுற்றைப் பார்ப்பதில்லை. கொக்கி உண்மையில் எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கிறது. இரண்டு வகைகளையும் சேர்த்து வைப்பதன் பொருள் இங்கேதான் இருக்கிறது. புதிய வடம் மாற்றும்போது அது பழையதைவிட ஒரு மீட்டர் குட்டையாக வெட்டப்பட்டால் ரோட்டரி சுவிட்சுக்கு அது தெரியாது. அது பழைய சுற்றுக் கணக்கிலேயே நிறுத்தும். ஆனால் கொக்கி நான்கு இழைகளுக்கு 25 சென்டிமீட்டர் வீதம் மேலே இருக்கும். நமது கிரேனில் 450 மில்லிமீட்டர் இடைவெளி 200 ஆகிவிடும். கிராவிட்டி சுவிட்ச் முந்திக்கொண்டு நிறுத்தும். வடம் மாற்றிய மறுநாள் கிராவிட்டி லிமிட் அடிக்கடி விழுகிறது, அதாவது இயக்கத்தைத் துண்டிக்கிறது என்று யாராவது சொன்னால், அந்தச் சுவிட்சின் சங்கிலியை நீட்டவோ குறுக்கவோ கூடாது. ரோட்டரியின் கேம்களைப் புதிய வடத்துக்கு ஏற்பத் திருத்த வேண்டும்.

இரண்டு சுவிட்சுகளும் மின்சாரத்தைத் துண்டிக்கும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும். ரோட்டரி, மேலே தூக்கும் கட்டளையை மட்டும் தடுக்கிறது, இறக்க அனுமதிக்கிறது. கிராவிட்டி சுவிட்ச் மெயின் கான்டாக்டரையே நேரடியாகத் துண்டிக்க வேண்டும். கட்டுப்பாட்டு நிரல் வழியாகச் சுற்றிப் போகக்கூடாது. பழைய கான்டாக்டர் கிரேன்களில் இதற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. மின்மாற்றியிலோ ஜெனரேட்டர் மாற்றியிலோ வேலை செய்தவர்கள் மூன்று பேஸ்களில் இரண்டை இடம் மாற்றி இணைத்துவிட்டால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். இயக்குபவர் இறக்கும் பொத்தானை அழுத்தக் கொக்கி ஏறும். மேல் எல்லையில் ரோட்டரி சுவிட்ச் தூக்கும் கான்டாக்டரைத் தடுக்கும். ஆனால் இப்போது கொக்கியை ஏற்றிக்கொண்டிருப்பது இறக்கும் கான்டாக்டர். ஆகவே அது தடுக்கப்படாது. இதைக் கண்டுபிடிக்கவே பேஸ் வரிசை ரிலே வைக்கிறார்கள். டிரைவ் உள்ள கிரேன்களில் உள்ளே வரும் வரிசை எதுவானாலும் வெளியே போகும் வரிசை மாறாது. ஆனால் டிரைவுக்கும் மோட்டாருக்கும் இடையிலான கேபிளை மாற்றி இணைத்தால் அதே ஆபத்து அங்கும் வரும்.

மிகைச்சுமைக்கு வருவோம். வேகத்தின் பங்கு இங்கேதான் மிகவும் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது.

சுமையை அளக்க, வடத்தின் அசையாத முனையிலோ மேல் கப்பியின் அச்சிலோ லோடு செல் ஒன்றைப் பொருத்துவார்கள். நான்கு இழைகள் இருப்பதால், 10 டன் சுமையும் 200 கிலோ கப்பித் தொகுதியும் தொங்கும்போது ஒவ்வோர் இழையிலும் 2.55 டன் இழுவை. அசையாத முனையில் உள்ள செல் இந்த ஓர் இழையின் இழுவையை அளந்து நான்கால் பெருக்கிக் காட்டும். நமது கிரேனில் 11 டன்னில், அதாவது 110 சதவீதத்தில், தூக்குவதை நிறுத்துமாறு அமைத்திருக்கிறோம் என்று கொள்வோம்.

இப்போது சரியாக 10 டன் எடையுள்ள வார்ப்பு ஒன்றைத் தூக்குகிறோம். வடம் தொய்ந்திருக்கிறது, இயக்குபவர் முதலிலேயே முழு வேகப் பொத்தானை அழுத்துகிறார். வடம் இறுகும் கணத்தில் கொக்கி ஏற்கெனவே விநாடிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. வார்ப்போ தரையில் அசையாமல் கிடக்கிறது. வடமும் கர்டரும் சேர்ந்து ஒரு கடினமான ஸ்பிரிங்போல நீண்டு, வளைந்து, பிறகு சுமையைத் தூக்குகின்றன. 14 மில்லிமீட்டர் வடத்தில் நான்கு இழைகள், 10 டன்னுக்கு 27 மில்லிமீட்டர் வளையும் கர்டர் என்று கணக்கிட்டால், இந்த அமைப்பு ஒரு மில்லிமீட்டர் நீள ஏறக்குறைய 190 கிலோ விசை வேண்டும். அதிலிருந்து அதிர்வுக் கணக்கைப் போட்டால், அந்த முதல் கணத்தில் லோடு செல் காணும் உச்சம் 10 டன் அல்ல, ஏறக்குறைய 11.4 டன். 11 டன் வரம்பு அநியாயமாக விழுந்துவிடும். மெதுவேகத்தில் தூக்கியிருந்தால் உச்சம் 10.14 டன்தான், வரம்பு அசைந்திருக்காது.

தொழிற்சாலையில் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. காரணமின்றி விழுகிறது என்று புகார் வரும். வரம்பை 12 டன்னுக்கு ஏற்றுவார்கள். அல்லது உச்சம் அடங்கும் வரை காத்திருக்கும்படி ஒரு விநாடி தாமதம் வைப்பார்கள். தாமதம் வைப்பது நியாயமான தீர்வுபோலத் தோன்றும். புகாரும் நின்றுவிடும்.

அந்தத் தாமதத்தின் விலை வேறொரு நாளில் தெரியவரும். ஓர் இயந்திரத்தை இடம் மாற்ற அதன் அஸ்திவார போல்ட்டுகளைக் கழற்றுகிறார்கள். எடை 6 டன். பின்பக்க மூலையில் ஒரு நட் மட்டும் கழற்றப்படாமல் இருக்கிறது. முழு வேகத்தில் தூக்கத் தொடங்கினால் கொக்கி விநாடிக்கு 100 மில்லிமீட்டர் ஏற முயலும். ஒரு மில்லிமீட்டருக்கு 190 கிலோ என்ற கணக்கில் வடத்தின் இழுவை விநாடிக்கு 19 டன் கூடும். தரையோடு கட்டுண்ட பொருளுக்கு எடை என்ற உச்சவரம்பு கிடையாது. இழுக்க இழுக்க விசை ஏறிக்கொண்டே போகும். அரை விநாடி சற்றுக் கடந்ததும் 11 டன் வந்துவிடும். அதன்பின் ஒரு விநாடி காத்திருந்தால் கணக்குப்படி 30 டன். நடைமுறையில் மோட்டார் அதற்கு முன்பே திணறி நின்றுவிடும். ஆனால் தன் இயல்பான இழுவையைப் போல இருமடங்கு கொடுக்கும் மோட்டார்கள் சாதாரணம் என்பதால், 20 டன் வரை வடமும் கர்டரும் கட்டுக் கயிறுகளும் அனுபவித்துவிடும். அந்தக் கணத்தில் போல்ட் அறுந்தால், இழுத்துப் பிடித்த ஸ்பிரிங்கில் தேங்கியிருந்த அத்தனை ஆற்றலும் இயந்திரத்தை மேலே வீசும்.

தாமதத்தை 0.2 விநாடியாகக் குறைத்து, ரிலேயும் கான்டாக்டரும் விடுபட இன்னொரு 0.2 விநாடி சேர்த்தாலும், முழு வேகத்தில் 11 டன்னுக்கு மேல் 7 டன்னுக்கும் அதிகமாக ஏறிவிடுகிறது. அதே 0.4 விநாடி, அதே சுவிட்சுகள், ஆனால் மெதுவேகம் என்றால் கூடுதல் விசை முக்கால் டன்தான். ஹாய்ஸ்ட் ஏறக்குறைய 11.8 டன்னில் நிற்கும். லோடு செல்லை எவ்வளவு துல்லியமானதாக வாங்கினாலும் இந்த வேறுபாட்டை அதனால் ஈடுகட்ட முடியாது. மிகைச்சுமைக் கருவி தன் பெயருக்கு ஏற்ப வேலை செய்ய வேண்டுமானால் சுமை தரையை விட்டு எழும்பும் வரை மெதுவேகம் கட்டாயம்.

இதை இயக்குபவரின் பழக்கத்துக்கு விட்டுவிடலாம். நல்ல பயிற்சி பெற்றவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் டிரைவும் லோடு செல்லும் இருக்கும் கிரேனில் கட்டுப்பாட்டுக்கே அதைக் கற்றுக்கொடுக்க முடியும். தரையிலிருந்து எழும்பும் சுமையின் அளவீடு ஏறிக்கொண்டே போய், தன் எடையைத் தொட்டதும் சமநிலைக்கு வரும். சிக்கிக்கொண்ட சுமையின் அளவீடு சமநிலைக்கு வரவே வராது. ஆகவே அளவீடு ஏறத் தொடங்கியதும் வேகத்தை மெதுவேகமாகக் கட்டிப்போட்டு, ஒரு விநாடி அளவீடு நிலையாக நின்ற பிறகே முழு வேகத்தைத் திறந்துவிடுவது ஒரு நல்ல ஏற்பாடு. தாமதத்தால் மறைக்க முயன்ற பிரச்சினை இங்கே மூலத்திலேயே தீர்கிறது.

இதுவரை சொன்னவற்றை நிரலாக எழுதினால் மிகச் சிறியதாகவே இருக்கும்:

```
IF LOAD > 11.0 THEN OL := TRUE; END_IF;
IF LOAD < 1.0 THEN OL := FALSE; END_IF;
UP_OK   := UP_LS AND ULT_LS AND NOT OL;
DN_OK   := DN_LS AND ULT_LS;
UP_FAST := UP_OK AND UP_SLOW_LS AND LOAD_STEADY;
DN_FAST := DN_OK AND DN_SLOW_LS;
```

வெறும் கொக்கியோடு இருக்கும்போதும் `LOAD_STEADY` உண்மையாகவே இருக்கும். வடம் இறுகி அளவீடு ஏறும்போது மட்டும் பொய்யாகும். `OL` மிகைச்சுமைத் தடை. `LS` என்று முடிபவை சுவிட்சுகள். அவற்றில் `ULT_LS` கிராவிட்டி சுவிட்ச்; அது நேரடியாகத் துண்டிப்பதோடு நிரலும் அதன் நிலையைப் பார்க்கிறது. சுவிட்சுகள் எல்லாம் இயல்பில் மூடியவை. எல்லையைத் தொடாதபோது உண்மை, தொட்டால் பொய். கம்பி அறுந்தாலும் பொய். எனவே மெதுவேகச் சுவிட்சின் கம்பி அறுந்தால் ஹாய்ஸ்ட் எங்கும் மெதுவாகவே ஓடும். நிறுத்தச் சுவிட்சின் கம்பி அறுந்தால் அந்தத் திசை நிற்கும். திறந்த நிலைச் சுவிட்சுகளை வைத்து இதையே எழுதினால், அறுந்த கம்பி எதையும் காட்டாது; கொக்கி மோதும்போதுதான் தெரியும்.

மிகைச்சுமை விழுந்தால் இறக்குவது தடைபடக்கூடாது என்பதை நான்காவது வரியில் காணலாம். அங்கே `OL` இல்லை. அளவுக்கு மீறிய சுமையை அந்தரத்தில் தொங்கவிட்டு நிறுத்துவது, அதைத் தரையில் வைப்பதைவிட ஆபத்தானது. முதல் இரண்டு வரிகளில் இருப்பது இன்னொரு நுணுக்கம். ஒருமுறை 11 டன்னைத் தாண்டினால் அந்தத் தடை, சுமை தரையில் வைக்கப்பட்டு அளவீடு ஒரு டன்னுக்குக் கீழே இறங்கும் வரை நீங்காது. இந்தப் பிடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது கிரேன் பராமரிப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். பொத்தானைத் தட்டித் தட்டி விட்டால், ஒவ்வொரு தட்டுக்கும் அளவீட்டு வடிகட்டி விழித்துக்கொள்வதற்குள் கொக்கி சில மில்லிமீட்டர் ஏறும். 13 டன் சுமையைக்கூட இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையிலிருந்து கிளப்பிவிடலாம்.

நிரலில் இல்லாத ஒன்றையும் சேர்ப்பது நல்லது. மெதுவேகச் சுவிட்ச் திறக்காமலே நிறுத்தச் சுவிட்ச் திறந்தால், மெதுவேகச் சுவிட்சின் கை வளைந்துவிட்டது அல்லது தொடர்பு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று பொருள். இயல்பில் மூடிய தொடர்பு ஒட்டிக்கொண்டால், அறுந்த கம்பியைப் போல அது தானாக வெளிப்படாது. இந்த வரிசைப் பிறழ்வை நிரல் நினைவில் வைத்துக்கொண்டு, பராமரிப்பாளர் பார்க்கும் வரை முழு வேகத்தைப் பூட்டிவிட வேண்டும். கொக்கி நின்றுவிட்டது என்பதாலேயே எல்லாம் சரியாக இருப்பதாக இயக்குபவர் நினைக்கும் நாள் அது.

கிரேன் நீளவாக்கில் ஓடும்போதும் கதை அதேதான். எண்கள் மட்டும் பெரியவை. இங்கே நான்கு கைகள் கொண்ட குறுக்குச் சுவிட்ச் ஒன்றைத் தண்டவாளத்தின் ஓரத்தில் பொருத்திய முட்டுத்தடிகள் திருப்பும். முதல் திருப்பம் மெதுவேகம், இரண்டாவது நிறுத்தம். நிமிடத்துக்கு 40 மீட்டர் வேகத்தில் வரும் கிரேனை டிரைவ் 4 விநாடியில் 10 மீட்டர் வேகத்துக்கு இறக்குகிறது என்றால் அதற்கு 1.7 மீட்டர் தூரம் தேவை. முட்டுத்தடிகளுக்கு நடுவே 2.5 மீட்டர் விட்டிருந்தால் போதும். சுமை அதிகம் ஆடுகிறது என்று யாரோ டிரைவின் அமைப்பில் அந்த 4 விநாடியை 8 ஆக்குகிறார்கள். ஆட்டம் குறைகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் இப்போது 3.3 மீட்டர் வேண்டும். இருப்பதோ 2.5. கிரேன் நிறுத்தச் சுவிட்சைத் தொடும்போது 10 மீட்டர் வேகத்தில் இருக்காது, ஏறக்குறைய 22 மீட்டர் வேகத்தில் இருக்கும். முட்டுத்தடியை யாரும் நகர்த்தவில்லை, சுவிட்சை யாரும் தொடவில்லை; டிரைவின் திரையில் ஓர் எண் மாறியதால் மெதுவேகப் பகுதி தன் வேலையை இழந்துவிட்டது. டிரைவில் வேகத்தையோ வேகம் குறையும் நேரத்தையோ மாற்றுகிறவர் முட்டுத்தடிகளின் தூரத்தையும் அளந்து குறித்த பிறகே மாற்றத்தை முடித்ததாகக் கருத வேண்டும்.

எல்லாச் சுவிட்சுகளும் கடைசியில் பிரேக்கிடம்தான் போய் நிற்கின்றன. 2007 ஏப்ரல் 18 அன்று சீனாவின் லியாவோநிங் மாகாணத்தில் தியேலிங் நகரிலிருந்த சிங்ஹே சிறப்பு எஃகு ஆலையில், 30 டன் உருகிய எஃகைச் சுமந்த லேடில் கிரேனிலிருந்து கட்டுப்பாடின்றி இறங்கிக் கவிழ்ந்தது. பக்கத்து அறையில் பணி மாறும் நேரக் கூட்டத்துக்குக் கூடியிருந்த தொழிலாளர்கள் மீது எஃகு பாய்ந்து 32 பேர் இறந்தனர். விசாரணை கண்டறிந்த காரணங்களின் வரிசையை மின்கட்டுப்பாடு அமைப்பவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். இறக்கிக்கொண்டிருந்தபோது கட்டுப்பாட்டுச் சுற்றிலிருந்த ஒரு துணைத் தொடர்பு துருப்பிடித்துத் திறந்துகொண்டது. மோட்டாருக்கு மின்சாரம் நின்றது. அந்த நிலையில் பிரேக் தானாகவே பிடித்திருக்க வேண்டும். சுற்றின் வடிவமைப்பில் இருந்த குறையால் அது பிடிக்கவில்லை. பின்னர் பிடிக்க முயன்றபோது அதன் பிடிவிசை லேடிலை நிறுத்தப் போதவில்லை. உருகிய உலோகத்துக்கென வடிவமைத்த கிரேனுக்குப் பதிலாகப் பொதுப்பயன் கிரேனை அங்கே ஓட்டிவந்தார்கள்.

மோட்டாருக்கு மின்சாரம் போகாத எந்த நிலையிலும் பிரேக்குக்கும் மின்சாரம் போகக்கூடாது என்ற ஒரே விதி அந்தச் சுற்றில் மீறப்பட்டிருந்தது. லிமிட் சுவிட்சும் மிகைச்சுமைக் கருவியும் செய்யக்கூடியதெல்லாம் மோட்டாரை நிறுத்துமாறு சொல்வதுதான். நிறுத்தச் சொன்ன பின்னும் பிரேக் சுருளை வேறு ஒரு தொடர்பு பிடித்து வைத்திருந்தால் அவை எல்லாமே பயனற்றவை. டிரைவ் உள்ள ஹாய்ஸ்ட்டில், மோட்டாரில் சுமையைத் தாங்கும் அளவு இழுவை வந்துவிட்டது என்று உறுதியான பிறகே பிரேக் திறக்க வேண்டும். டிரைவில் பழுது, மெயின் கான்டாக்டர் துண்டிப்பு, அவசர நிறுத்தம் ஆகிய மூன்றில் எது நடந்தாலும் பிரேக் சுருளின் மின்சாரம் நிரலைக் கேட்காமலே அறுபட வேண்டும். உருகிய உலோகம் தூக்கும் ஹாய்ஸ்ட்டுகளில் இரண்டு பிரேக்குகள் வைப்பதும், ஒவ்வொன்றும் தனியாகவே முழுச் சுமையையும் தாங்கும்படி அமைப்பதும் இதனால்தான்.

சோதனைகளைப் பொறுத்தவரை, இந்தியாவில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆவது பிரிவு, தூக்கும் இயந்திரங்களைத் தகுதிபெற்ற நபர் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறையாவது முழுமையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று வகுத்தது. சுமைச் சோதனையில் 125 சதவீதச் சுமையைத் தூக்கி நிறுத்திப் பார்ப்பார்கள். நமது கிரேனில் அது 12.5 டன். 11 டன்னில் தடுக்கும் கருவி இருக்கும்போது அதைத் தூக்க முடியாது என்பதால் அந்தக் கருவியைச் சோதனைக்காகத் தற்காலிகமாகத் துண்டிப்பார்கள். சான்றிதழில் கையொப்பம் ஆகும். எடைகளை லாரியில் ஏற்றி அனுப்புவார்கள். துண்டித்த இணைப்பு பேனலுக்குள் அப்படியே இருந்துவிடும். கிரேன் சட்டப்படி தகுதியானது என்று சான்று பெற்ற நாளிலிருந்தே மிகைச்சுமைப் பாதுகாப்பு இல்லாமல் ஓடும். சோதனை எடைகள் களத்தை விட்டுப் போவதற்கு முன் 11 டன்னைச் சற்றே தாண்டும் எடையை மெதுவேகத்தில் தூக்கச் சொல்லி, கிரேன் மறுக்கிறதா என்று பார்ப்பதே இதைக் கண்டுபிடிக்கும் ஒரே நம்பகமான வழி.

அன்றாடச் சோதனைக்கு எடைகூட வேண்டியதில்லை. அமெரிக்காவின் பணிப்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதிமுறை, ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் வெறும் கொக்கியை மெதுவாக மேல் எல்லைக்கு ஓட்டிச் சுவிட்ச் நிறுத்துகிறதா என்று பார்க்கச் சொல்கிறது. அந்தச் சுவிட்சை வேலையின்போது நிறுத்தும் கருவியாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் தடுக்கிறது. தினமும் கொக்கியை எல்லை வரை விட்டு, சுவிட்ச் நிறுத்தட்டும் என்று பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கும் இடங்களில் ரோட்டரியின் தொடர்புகள் தேய்ந்துபோகும்; அது பழுதான அன்று மிஞ்சுவது கிராவிட்டி சுவிட்ச் மட்டும்தான்.

ஷிப்ட் தொடக்கச் சோதனையின்போதே இன்னும் இரண்டைப் பார்த்துவிடலாம். முதலாவது, மெதுவேகம் தொடங்கும் இடம். கொக்கி முழு வேகத்தில் ஏறி வரும்போது டிராலிக்கு ஒரு மீட்டர் கீழே வேகம் குறையும் மாற்றம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் உடனே பொத்தானை விட வேண்டும், நிறுத்தச் சுவிட்சை அந்த வேகத்தில் சோதிக்கக் கூடாது. இரண்டாவது, தெரிந்த எடை ஒன்று கொக்கியில் இருக்கும்போது லோடு செல்லின் அளவீடு. தூக்கும்போது காட்டும் எண்ணும் இறக்கும்போது காட்டும் எண்ணும் கப்பிகளின் உராய்வால் சில சதவீதம் வேறுபடும், அது இயல்பு. அந்த வேறுபாடு மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால் லோடு செல் பழுது என்று முடிவுகட்டி அதைக் கழற்றக் கூடாது. ஏதோ ஒரு கப்பியின் பேரிங் இறுகி வருகிறது. மேலே ஏறி, சுமையற்ற நிலையில் ஒவ்வொரு கப்பியையும் கையால் சுற்றிப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.